பெயிண்ட் பேட்ச் கணக்கில் கழுவும் நேரத்துக் கூலி சேருமா, சேராதா?

மில்மேஸ்திரி:
பக்கத்துத் திரியில காஸ்ட்ஷீட் எழுதினது:

> "சிக்னல் ரெட் எனாமலுக்கு ஒரு முறை மில்லைக் கழுவி மாற்ற 10,000 ரூபாய் ஆகிறது. ஆள் கூலி, ஷெட் செலவு எல்லாம் சேர்த்த கணக்கு. 2,000 லிட்டர் பேட்ச் நஷ்டம். ஒரே மூச்சில் 4,000 போடுங்கள்."

ஆபீஸ்ல உட்கார்ந்து எழுதினா இப்படித்தான் வரும். பிக்மென்ட்டை அரைக்கிற பீட்ஸ் மில்லைக் கழுவுறது நாங்க. அந்த அஞ்சு மணி நேரத்துல நிஜமா கையை விட்டுப் போற பணம் எவ்வளவுன்னு எங்களைக் கேளுங்க. கழுவ ஊத்தி, திரும்பப் பிடிக்க முடியாத எம்.டி.ஓ தின்னர் 1,500 ரூபாய்க்கு. குழாயிலயும் மில்லுக்குள்ளயும் தங்கி வீணாகிற பெயிண்ட், கழிவு டிரம் எடுக்க ஆகுறது, ரெண்டும் சேர்ந்து 1,000. மொத்தம் 2,500. மிச்சம் 7,500 எப்படி வந்துச்சு? மூணு பேர் கூலி 3,000. ஷெட் வாடகை, தேய்மானம், சூப்பர்வைசர் சம்பளம்னு 4,500. நாங்க மாசச் சம்பளம் வாங்குறவங்க சார். மில்லைக் கழுவினாலும் அதே சம்பளம், டிரம் உருட்டினாலும் அதே சம்பளம்.

காஸ்ட்ஷீட்:
கூலியைச் சேர்க்காமல் போட்ட கணக்கு கணக்கே இல்லை. இருபது வருடமாக அடக்கவிலை போடுகிறவன் சொல்கிறேன்.

என் கணக்கை முழுதாக வைக்கிறேன். வருட விற்பனை 24,000 லிட்டர். லிட்டருக்கு அடக்கம் 150 ரூபாய். சரக்கை வைத்திருக்க வட்டி, குடோன், தீப்பிடிக்கும் சரக்குக்கான இன்சூரன்ஸ் எல்லாம் சேர்ந்து 20 சதவீதம், அதாவது லிட்டருக்கு வருடம் 30 ரூபாய். 24,000-ஐ இரண்டால் பெருக்கி, 10,000-ஆல் பெருக்கி, 30-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுங்கள். மொத்தச் செலவு மிகக் குறைவாக இருக்கும் பேட்ச் அளவு 4,000 லிட்டர் என்று வரும். பிறகு பேசுங்கள்.

மில்மேஸ்திரி:
எடுத்தேன். 10,000 இருக்கிற இடத்துல 2,500 வெச்சா சரியா 2,000 வருது. பெயிண்ட் கலக்குற எங்க கெட்டிலும் 2,000 லிட்டர்தான். இல்லாத செலவைக் கணக்குல ஏத்தி, குடோன்ல ரெண்டு மடங்கு டின்னை அடுக்கச் சொல்றீங்க.

காஸ்ட்ஷீட்:
இல்லாத செலவா? மூன்று பேர் அந்த ஐந்து மணி நேரம் சும்மாவா நின்றார்கள்? அதற்குச் சம்பளம் நான் போடவில்லையா?

மில்மேஸ்திரி:
கழுவலைன்னா அந்த 3,000 மிச்சமாகுமா? ஒரே வார்த்தையில சொல்லுங்க. ஆகுமா, ஆகாதா?

காஸ்ட்ஷீட்:
கூலி என்பது செலவு. செலவு என்றால் கணக்கில் வரும். போன மாதம் தின்னர் வரி பற்றிய திரியிலும் நீங்கள் இப்படித்தான் குறுக்கே வந்தீர்கள், கடைசியில் என்ன ஆயிற்று என்று எல்லோருக்கும் தெரியும்.

ஷெட்யூல்_சரவணன்:
ரெண்டு பேரும் 7,500 ரூபாயைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறீங்க, யாரும் கேட்க வேண்டியதைக் கேட்கலை. அந்த அஞ்சு மணி நேரம் மில் ஓடியிருந்தா, அதுல வர்ற பெயிண்ட்டை வாங்க ஆள் இருக்கா?

ஆடி மாசத்துல மில் பாதி நாள் சும்மாதான் நிக்கும். அப்போ கழுவுறதால நீங்க இழக்கிறது மேஸ்திரி சொன்ன 2,500 மட்டும்தான். கூலியோ வாடகையோ ஒரு ரூபா கூடக் கூடலை. ஆனா தீபாவளிக்கு முன்னாடி, பொங்கலுக்கு முன்னாடி, மில் மூச்சு விடாம ஓடும். மணிக்கு 100 லிட்டர்னா அஞ்சு மணி நேரத்துல 500 லிட்டர் போச்சு. லிட்டருக்கு மூலப்பொருள் போக 25 ரூபா நிக்கும்னு வெச்சாலும் 12,500 ரூபா இழப்பு. அதோட 2,500 சேர்த்தா ஒரு தடவை கலர் மாத்த 15,000. அந்த நேரத்துல காஸ்ட்ஷீட் சொன்ன 10,000 கூடக் குறைச்சல்தான். பேட்ச் அளவு 4,900 கிட்ட போகும். சீசன் விற்பனையைத் தனியாப் பிரிச்சுப் போட்டா இன்னும் மேலே ஏறும்.

ஆக ஒரே மில்லு, ஒரே சிவப்பு. ஆடியில 2,000, ஐப்பசியில ரெண்டு கெட்டிலுக்கும் மேல. கூலி ரெண்டு இடத்துலயும் நேரடியா வரலை. வர்றது மில்லோட நேரம்.

காஸ்ட்ஷீட்:
பார்த்தீர்களா, சரவணனே 10,000 குறைவு என்கிறார். நான் சொன்னதுதான் சரி.

மில்மேஸ்திரி:
பாதியை மட்டும் படிக்கிறீங்க. கூலி வரலைன்னு அவரே எழுதியிருக்கார்.

பெயிண்ட்கடை_வேலூர்:
பெரிய பேட்ச்னு பேசுறவங்க என் கடைக்கு வந்து பாருங்க. ஒரு கம்பெனிக்காரன் அனுப்பின சிவப்பு எனாமல் 4 லிட்டர் டின்னைத் திறந்தா மேலே தோசை மாதிரி ஆடை. கத்தியால கீறித்தான் எடுக்கணும். கீழே பிக்மென்ட் கட்டியா உட்கார்ந்திருக்கு, கட்டையால எவ்வளவு கிண்டினாலும் எழும்பலை. பெயிண்டர் என் மூஞ்சில வீசிட்டுப் போறான். எல்லாம் மொத்தமா செஞ்சு குடோன்ல போட்டு வெச்ச சரக்கு. இதுக்குக் கணக்கு இருக்கா?

மில்மேஸ்திரி:
அண்ணே, ஆடைக்கு பேட்ச் அளவு நேரடிக் காரணம் இல்லை. டின்ல மேலே காத்து இடம் அதிகமா இருக்கணும், இல்லேன்னா மூடி சரியா உட்காராம இருக்கணும். ஆனா ஒண்ணு நிஜம். 4,000 போட்டுட்டு எல்லாத்தையும் உடனே அடைக்க மாட்டாங்க. பாதி டிரம்ல நிறுத்தி, ஆர்டர் வர்றப்போ அடைப்பாங்க. பாதி காலியான டிரம்மோட வாயைத் திறந்து பாருங்க, ஓரம் முழுக்கத் தோல் கட்டியிருக்கும். அதை வடிகட்டி அடைச்சா துணுக்கு துணுக்கா டின்னுக்குள்ள வரும். அதையும் காஸ்ட்ஷீட்டோட 20 சதவீதத்துல சேர்க்கச் சொல்லுங்க.

காஸ்ட்ஷீட்:
20 சதவீதத்தில் வீணாவதும் அடங்கும். பேச்சை மாற்ற வேண்டாம். கூலிக்குப் பதில் சொல்லுங்கள். இது உலகம் முழுக்க ஒப்புக்கொண்ட வில்சன் சூத்திரம், உங்கள் கெட்டிலுக்காக மாறாது.

ஷெட்யூல்_சரவணன்:
வில்சனுக்கு முன்னாடியே 1913-ல ஃபோர்டு ஹாரிஸ் எழுதினது அது. வில்சன் கட்டுரை 1934. ஆலோசனை சொல்லி ஊர் ஊராப் பரப்பினதால அவர் பேர் ஒட்டிக்கிச்சு.

காஸ்ட்ஷீட்:
யார் எழுதினால் என்ன? எங்கள் பாடப்புத்தகத்தில் வில்சன் என்றுதான் இருந்தது. உற்பத்தி செய்கிறவர்களுக்கு அதில் இன்னொரு திருத்தமும் உண்டு, செய்யச் செய்ய விற்றுக்கொண்டே இருப்பதால் சரக்கு முழு உயரத்துக்கு ஏறாது என்று. ஒரு நாள் விற்பனை 80 லிட்டர், உற்பத்தி 800. அதையும் போட்டால் 4,200 வருகிறது. நான் உங்களுக்காகக் குறைத்துத்தான் சொன்னேன்.

மில்மேஸ்திரி:
அங்கேயே தெரிஞ்சுபோச்சு, நீங்க ஷாப்புக்குள்ள வந்ததே இல்லைன்னு. அந்தத் திருத்தம் திருகாணி செய்யறவனுக்கு. ஒண்ணு முடிஞ்சா ஒண்ணை எடுத்து விக்கலாம். பெயிண்ட் அப்படியா? மில்லுலேர்ந்து இறங்கி, ரெசின் சேர்த்து, ஷேடு அடிச்சு, லேப்ல பாஸ் ஆகுற வரைக்கும் ஒரு லிட்டர் வெளியே போகாது. பாஸ் ஆனா 2,000-மும் ஒண்ணா இறங்கும். உங்க 200 லிட்டரை நீங்களே வெச்சுக்கோங்க.

இன்னொண்ணு. கழுவுற செலவு 2,500-ஆ 10,000-ஆன்னு ஒரே நம்பரா பேசுறதே தப்பு. மஞ்சள் முடிச்சு ஆரஞ்சு, ஆரஞ்சு முடிச்சு சிவப்புன்னு ஏத்தினா அரை மணி நேரத்துல கொஞ்சம் எம்.டி.ஓ விட்டுத் தள்ளினாப் போதும், அந்தத் தள்ளின தின்னரும் அடுத்த சிவப்புலயே சேர்ந்துடும். கறுப்பு முடிச்சு வெள்ளை ஏத்தச் சொல்லுங்க, அப்போ தெரியும். பீட்ஸை வெளியே கொட்டிக் கழுவினாலும் முதல் நூறு லிட்டர் சாம்பல் அடிக்கும். வெள்ளை, கிரீம், மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, பிரவுன், கறுப்புன்னு வரிசையா ஓட்டி கடைசியில ஒரு பெரிய கழுவல். எங்க கணக்கு அது.

ஷெட்யூல்_சரவணன்:
இது முக்கியமான இடம். அப்படி வரிசையா ஓட்டினா சிவப்புக்குத் தனியா பேட்ச் அளவு பார்க்கிறதே பாதி அர்த்தமில்லாமப் போகுது. ஒரு முழுச் சுத்து எத்தனை நாளுக்கு ஒரு தடவைங்கிறதுதான் முடிவு பண்ண வேண்டியது. பெரிய கழுவலோட செலவு சுத்துக்கு, ஒரு கலருக்கு இல்லை. ஒவ்வொரு கலருக்கும் அந்தச் சுத்துக்குள்ள வித்துப்போற அளவு போட்டா முடிஞ்சது.

அப்புறம், சண்டை போடுற தொகையையும் ஒரு தடவை பாருங்க. கழுவல் நிஜமாவே 2,500-னு வைங்க. 2,000 போட்டா வருஷத்துக்கு 12 கழுவல் 30,000, வைக்கிற செலவு 30,000, ஆக 60,000. காஸ்ட்ஷீட் பேச்சைக் கேட்டு 4,000 போட்டா 15,000-மும் 60,000-மும், ஆக 75,000. கழுவல் செலவை நாலு மடங்கு தப்பாப் போட்டும் ஏறினது 25 சதவீதம். இதே கலரை 1,500 லிட்டரா ரெண்டு கெட்டில் தொடர்ந்து ஓட்டி 3,000 எடுத்தா 65,000. நிஜச் செலவு 10,000-ஆ இருந்தாலும் அந்த 3,000 சரியான அளவை விட வருஷம் 5,000 ரூபாதான் கூட. அடிப்பக்கம் அவ்வளவு தட்டையா இருக்கிற கணக்கு இது.

காஸ்ட்ஷீட்:
ஒரு கலருக்கு 15,000. கலர் எத்தனை? முதலாளி பணம் என்றால் எல்லோருக்கும் தட்டையாகத்தான் தெரியும். வரிசை எல்லாம் எனக்கும் தெரியும், சராசரி எடுத்துத்தான் 10,000 போட்டேன். அதில் கூலி உண்டு.

பெயிண்ட்கடை_வேலூர்:
இப்ப எல்லாக் கடையிலயும் டின்டிங் மெஷின் வந்தாச்சு. பேஸை மட்டும் செஞ்சு அனுப்பினா கலரை நாங்களே கலந்துக்கிறோம். எதுக்கு இத்தனை கழுவல்?

மில்மேஸ்திரி:
எமல்ஷனுக்குச் சரிண்ணே. லாரி பாடிக்கும் இரும்பு கேட்டுக்கும் அடிக்கிற சிவப்பு எனாமலை இன்னும் பல ஊர்ல ரெடி டின்லதான் கேக்குறாங்க. மெஷின் இல்லாத சின்னக் கடைக்கு யார் கொடுப்பா?

பெயிண்ட்கடை_வேலூர்:
சின்னக் கடைன்னு யாரைச் சொல்றீங்க?

காஸ்ட்ஷீட்:
கடையை விடுங்கள். மேஸ்திரி, உங்கள் தொழிற்சாலையில் சீசனில் ஓவர்டைம் உண்டா, இல்லையா? கழுவல் இரவு எட்டு மணிக்கு மேல் போனால் இரட்டைக் கூலி வாங்குகிறீர்களா, இல்லையா?

மில்மேஸ்திரி:
சீசன்ல வாங்குறோம். உழைச்சதுக்கு வாங்குறோம். அந்த ஓவர்டைமை மட்டும் சேருங்க, யார் வேணாம்னா? வருஷம் முழுக்க 3,000-னு ஏத்துறீங்களே, அதைத்தான் கேக்குறேன்.

காஸ்ட்ஷீட்:
ஆக, கூலி உண்டு.

மில்மேஸ்திரி:
ஓவர்டைம் உண்டு. கூலி இல்லை.

ஷெட்யூல்_சரவணன்:
காஸ்ட்ஷீட், ஒரே ஒரு கேள்வி. உங்க மில் வருஷத்துல எத்தனை மாசம் முழுசா ஓடுது? அந்த நம்பரைச் சொன்னா ரெண்டு பேட்ச் அளவையும் இப்பவே போட்டுக் காட்டுறேன்.

காஸ்ட்ஷீட்:
எத்தனை மாதம் ஓடினால் என்ன? பன்னிரண்டு மாதமும் சம்பளம் போகிறது. கூலியைச் சேர்க்காமல் போட்ட கணக்கு கணக்கே இல்லை.