‘லெக்சிகல் கேப்’: தமிழில் என்ன வைக்கலாம்?

கயல்: மொழியியல் கலைச்சொல் பட்டியலில் ‘லெக்சிகல் கேப்’ வந்ததும் வேலை நின்றுவிட்டது. ஒரு மொழி ஒரே சொல்லில் சொல்லிவிடும் பொருளுக்கு இன்னொரு மொழியில் சொல் இல்லாமல் இருப்பதுதான் அது. ‘சொல் இடைவெளி’, ‘சொல்வெற்றிடம்’ என்று இரண்டு கைவசம் இருக்கின்றன. எது தேவலை?

குமரன்: சொல் இடைவெளியைத் தொடாதீர்கள். பக்க வடிவமைப்பில் இரண்டு சொற்களுக்கு நடுவே விடும் இடத்தை அப்படித்தான் சொல்கிறோம். வரியை இரு ஓரமும் சமன்செய்தால் அது அகன்று ஓட்டை ஓட்டையாகத் தெரியும். அதற்கு வழி கேட்கிறீர்கள் என்று நினைத்துத்தான் இந்த இழையைத் திறந்தேன்.

மீனா: சொல்வெற்றிடமே பொருத்தம். சொல் இல்லையென்றால் அந்த எண்ணத்துக்கே அங்கே இடமில்லை. நம் ‘எத்தனையாவது’ ஆங்கிலத்தில் வரவே வராது. தென் அமெரிக்காவின் தென்கோடிப் பழங்குடியினரின் யாகன் மொழியில் ‘மாமிஹ்லபினதபாய்’ என்று ஒரு சொல். ‘நீ முதலில் தொடங்கு’ என்று இருவரும் மனத்துக்குள் நினைத்தபடி பார்த்துக்கொள்ளும் பார்வையாம். இதை எந்த மொழியில் பெயர்ப்பது?

ஆதிரை: நீங்களே இப்போது தமிழில் சொல்லிவிட்டீர்களே, மீனா!

அந்த யாகன் சொல்லைப் பிரித்துப் பாருங்கள். அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் திகைப்பதைக் குறிக்கும் வேர் ஒன்று. ‘ஒருவரோடொருவர்’, ‘இருவர்’ என்ற பொருள் தரும் ஒட்டுகள் அதோடு சேர்கின்றன. பார்வையும் ஏக்கமும் விளக்கம் எழுதியவர்கள் ஏற்றிய சுமை. ஒட்டுகள் சேர்ந்து நீண்டதையெல்லாம் அதிசயம் என்று கணக்கிட்டால், ‘பார்த்துக்கொண்டிருந்திருப்பானோ’ என்பதையும் மொழிபெயர்க்க முடியாத சொல் என்று கண்ணாடிப் பெட்டியில் வைக்க வேண்டியதுதான்.

‘எத்தனையாவது’ அப்படியல்ல, அங்கே உண்மையாகவே ஒரு குறை இருக்கிறது. ஆங்கிலத்தில் ‘பதினாறாவது’ உண்டு. ஆனால் அந்த விகுதி எண்ணோடு ஒட்டுமே தவிர, ‘எத்தனை’ என்ற கேள்வியோடு ஒட்டாது. அதனால் ‘ஒபாமா அமெரிக்காவின் எத்தனையாவது அதிபர்?’ என்பதைச் சுற்றிவளைத்துத்தான் கேட்க வேண்டும். ‘அதிபர் வரிசையில் அவர் எந்த எண்?’ என்றால் 44 என்று சரியாக வந்துவிடும். ‘அவருக்கு முன் எத்தனை பேர் அதிபராக இருந்தார்கள்?’ என்று கேட்டால்தான் ஆபத்து. விடை 43 இல்லை, 42. இடைவெளி விட்டு இரண்டு முறை பதவி வகித்த கிளீவ்லாந்தை 22, 24 என்று இரண்டு எண்களில் எண்ணுகிறார்கள். ஆக, பொருள் போய்ச் சேராமல் இல்லை. எந்தச் சுற்றுவழியில் போகிறோம் என்று பார்த்துப் போக வேண்டும், அவ்வளவே. ஜெர்மன் மொழியிலோ இதற்கு நேரான கேள்விச்சொல் உண்டு. எந்த மொழியை எதோடு வைத்துப் பார்க்கிறோமோ, அதைப் பொறுத்ததுதான் இந்தக் குறை.

என்னைக் கேட்டால், இதைவிடத் தொல்லை எதிர்த்திசையில் இருக்கிறது. ஆங்கிலக் கதையில் ‘பிரதர்’ என்று மட்டும் இருக்கும். அண்ணனா, தம்பியா? கடைசிவரை கதை சொல்லாது. ‘சகோதரர்’ என்று போட்டால் வீட்டுப் பேச்சு மேடைப் பேச்சாகிவிடும். தமிழில் இல்லாததைத் தேடி அலைவதைவிட, தமிழ் கட்டாயமாகக் கேட்பதற்குப் பதில் சொல்வதுதான் கடினம். மொழியியலாளர் ரோமன் யாகப்சன் 1959இலேயே இந்த வேறுபாட்டைச் சுட்டிக்காட்டிவிட்டார்.

மீனா: சரி, சொல்ல முடியும். ஆனால் ஒரே சொல்லில் கிடைக்கும் சுருக்கம் போய்விடுகிறதே? அதை இழப்பாகவே எண்ணமாட்டீர்களா?

ஆதிரை: சுருக்கம் போவது உண்மைதான். கவிதையில் அது பெரிய இழப்பு. செய்திக் குறிப்பில் யாரும் கவனிக்கக்கூட மாட்டார்கள்.

குமரன்: குறை இருந்தால் புதுச்சொல் செய்து அடைத்துவிட வேண்டியதுதானே?

ஆதிரை: ஜெர்மனில் செய்து பார்த்தார்கள். பசி தீர்ந்தவரைக் குறிக்க ‘ஸாட்’ உண்டு, தாகம் தீர்ந்தவருக்கு ஒன்றுமில்லை. 1999இல் டூடன் அகராதிப் பதிப்பகம் ஒரு தேநீர் நிறுவனத்தோடு சேர்ந்து போட்டி வைத்து ‘ஸிட்’ என்ற சொல்லைத் தேர்ந்தெடுத்தது. பேச்சில் அது நிலைக்கவில்லை. ‘இனித் தாகமில்லை’ என்றே சொல்லிப் பழகியவர்களுக்கு அது தேவைப்படவில்லை போலும்.

கயல்: அப்படியானால் ‘வெற்றிடம்’ வேண்டாம், பொருளே இல்லை என்று நினைக்க வைக்கிறது. ‘சொல்லின்மை’ என்றால் வாயடைத்து நிற்பதுபோல் ஒலிக்கிறது. ‘தனிச்சொல்லின்மை’ எப்படி? தொடராகச் சொல்லலாம், ஒரே சொல்தான் இல்லை என்பது அதிலேயே தெரிகிறது.

குமரன்: நீளம். அட்டவணைத் தலைப்பில் வரி உடையும்.

ஆதிரை: நீளம் கிடக்கட்டும். ‘தனிச்சொல்’ எது என்பதுதான் சிக்கல். ஆங்கில ‘பாரோ’வுக்கு நேராக ‘கடன் வாங்கு’ இருக்கிறது. அகராதியில் ஒரே பதிவாக வைக்கிறோம். ஆனாலும் ‘கடன் நிறைய வாங்கிவிட்டான்’ என்று நடுவே ஒரு சொல்லை நுழைக்க முடிகிறது. இங்கே குறை இருக்கிறதா, இல்லையா?

மீனா: அகராதியில் இருந்தால் போதும், குறை இல்லை என்பேன்.

ஆதிரை: அப்போது அகராதி தொகுப்பவர் கையில்தான் எல்லாம் போய் முடியும். எனக்கு ஒப்புதல் இல்லை.

கயல்: இப்போதைக்குத் ‘தனிச்சொல்லின்மை’ என்று கேள்விக்குறியோடு பதிகிறேன். ‘கடன் வாங்கு’ போன்ற கூட்டுவினைகள் இன்னும் நாலைந்து அனுப்புங்கள், வைத்துப் பார்ப்போம்.