பிறந்தநாளைச் சின்னதா வைச்சா மச்சாள் கோவிப்பாவோ?

உவர்மலை அம்மா
மகளுக்கு ஆகஸ்டில 6 வயசு முடியுது. மச்சாள், இவரின்ர அக்கா, தன்ர மகனுக்கு நிலாவெளியில ஹோட்டல் எடுத்து, ட்ரோன் விட்டு, 200 பேருக்குச் சாப்பாடு குடுத்தவ. முன்வீட்டிலயும் போன மாசம் மேடை, பலூன் வளைவு எண்டு ஒரே அமர்க்களம். நாங்கள் வீட்டு முத்தத்தில பிள்ளையளோட மட்டும் செய்வமெண்டு நினைக்கிறம். மாமி "சனம் என்ன சொல்லும்" எண்டு முகத்தைத் தூக்கி வைச்சிருக்கிறா. ஆரையும் கோவப்படுத்தாமச் செய்ய ஏலுமோ?

சாம்பல்தீவான்
ஏலாது தங்கச்சி. உள்ளதைச் சொல்லுறன். நீங்கள் மச்சாள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டனீங்கள்தானே? முன்வீட்டிலயும் சாப்பிட்டிருப்பியள். இப்ப உங்கட முறை வரேக்க கதவைச் சாத்தினா, "திண்டுட்டுப் போச்சினம்" எண்டுதான் கதை வரும். மற்றது, இவ்வளவு காலமும் நீங்கள் என்வலப்பில குடுத்த காசு திரும்பி வாற நாளும் அதுதான். பெரிசாச் செய்தா பாதிச் செலவு என்வலப்பிலயே வந்திடும். எங்கட வீட்டில கொப்பி போட்டு எழுதி வைச்சிருக்கிறம், ஆர் எவ்வளவு தந்ததெண்டு.

கேக் ராணி
அண்ணை, கொப்பி எங்கட வீட்டிலயும் இருக்கு. ஆனா கணக்கை மற்றப் பக்கத்தாலயும் பாருங்கோ. என்வலப் குடும்பத்துக்கு ஒண்டு, சாப்பாட்டுக் கோப்பை ஆளுக்கு ஒண்டு. உதாரணத்துக்கு, ஒரு கோப்பை 2,500 ரூபா எண்டு வையுங்கோ. நாலு பேர் வந்தா 10,000. அவை வைக்கிற என்வலப் 5,000. ஹோல், மேடை, படம் எடுக்கிறவர், இதுகளை இன்னும் சேர்க்கேல்ல. ஆக்கள் கூடக் கூட நட்டம்தான் கூடும். பிள்ளையின்ர பிறந்தநாளுக்கு அடகு வைச்சிட்டு, பிறகு வட்டி கட்டுற வீடுகளை எனக்குத் தெரியும். கேக் ஓடர் எடுக்கிறபடியா முழுக் கதையும் எங்கட காதுக்கு வரும்.

தந்தவைக்குத் திருப்பிச் செய்யிறதெண்டா, அவையின்ர பிள்ளையின்ர நாளில போய்க் குடுத்தாச் சரி. அதுக்காக நாங்களும் ஹோட்டல் எடுக்க வேணுமெண்டு எந்தக் கொப்பியிலயும் இல்லை.

உவர்மலை அம்மா
அதைத்தான் அக்கா நானும் இவருக்குச் சொன்னனான். எப்பிடிச் செய்தாச் சின்னதாவே நிக்கும்? போன முறையும் சின்னதா எண்டுதான் துவங்கினது. கடைசியில இரவுச் சாப்பாடும் குடுக்க வேண்டி வந்திட்டுது.

கேக் ராணி
எத்தினை மணிக்குச் சொன்னனீங்கள்? 6.30 எண்டிருப்பியள். அந்த நேரம் கூப்பிட்டா இரவுச் சாப்பாடு குடுக்காம அனுப்ப ஏலாது. புரியாணியோ இடியப்பமோ, ஏதோ ஒண்டு வைக்கத்தான் வேணும். 4 மணியெண்டு சொல்லுங்கோ. "4 மணியில இருந்து 6 மணி வரைக்கும்" எண்டு முடியிற நேரத்தையும் சேர்த்துச் சொல்லுங்கோ. விளக்கு வைக்க முதல் எல்லாரும் வெளிக்கிட்டிடுவினம். அந்த நேரத்துக்கு ரோல்ஸ், பற்றிஸ், கேக், ஒரு குளிர்பானம் காணும்.

12 பிள்ளையள், கூட வாற தாய்மார், உங்கட வீட்டு ஆக்கள் எண்டு 30 பேர் வருவினம். ஆளுக்கு மூண்டு துண்டுக் கணக்கில ரோல்ஸும் பற்றிஸும் 90 காணும். 500 கிராம் பட்டர், 500 சீனி, 500 மா, 10 முட்டை போட்ட பட்டர் கேக் கிட்டத்தட்ட 2 கிலோ வரும். சின்னத் துண்டா வெட்டினா 45 வரும். மிஞ்சிற 15 துண்டையும் அண்டைக்குப் பின்னேரமே பக்கத்து வீடுகளுக்குப் பிள்ளையின்ர கையால குடுத்து விடுங்கோ. முன்வீட்டுக்கு முதல். சொல்லாத வீட்டுக்குக் கேக் போனா அரைவாசிக் கோவம் அதோட போயிடும்.

ஆகஸ்டில கச்சான் அடிக்கும், முத்தத்தில பலூன் வளைவு நிக்காது. பட்டர் ஐசிங் அந்த வெக்கைக்கு இளகும். கேக்கை உள்ளுக்கு வைச்சிருந்து, வெட்டுற நேரம் மட்டும் வெளியில கொண்டு வாங்கோ.

கனடா மாமா
பிள்ளை, எவ்வளவு குறையுது எண்டு சொல்லுங்கோ. நாங்கள் டொரொண்டோவில இருந்து அனுப்புறம், பிள்ளையின்ர மனம் நோகக் கூடாது. நல்ல ஹோலா எடுங்கோ. வீடியோவில எங்களையும் காட்டினாச் சரி. என்ர மகளுக்கு இஞ்ச செய்யேக்க நாங்களும்...

சரி, அதை விடுவம். இல்லாட்டி சிறுவர் இல்லமொண்டில ஒரு நேரச் சாப்பாடு குடுங்கோ. புண்ணியமும் கிடைக்கும், ஆரும் குறை சொல்லவும் மாட்டினம்.

பாலையூற்று ரீச்சர்
ஐயா, அவ காசு இல்லையெண்டு கேக்கேல்ல. காசு இருந்தும் சின்னதாச் செய்யத்தான் கேக்கிறா. வெளிநாட்டுக் காசு வந்தா வீடியோவும் கேப்பினம், வீடியோவெண்டா மேடையும் வேணும்.

சிறுவர் இல்லத்துக்குக் குடுக்கிறது நல்ல விசயம்தான். ஆனா அங்கத்தப் பிள்ளையளை வரிசையா நிப்பாட்டி, முன்னால கேக்கை வெட்டி, படம் எடுத்து முகநூலில போடுறதும் இதே போட்டிதான். குடுக்கிறதெண்டா இன்னொரு நாளில, படம் இல்லாமக் குடுக்கட்டும்.

வகுப்பில நான் காண்கிற ஒரு விசயம். 6 வயசுப் பிள்ளை திங்கக்கிழமை வந்து ஹோலைப் பற்றிக் கதைக்காது. ஆர் ஆர் வந்தவை, என்ன விளையாடினது, போகேக்க பையுக்க என்ன கிடைச்சது, இவ்வளவுதான். அந்தப் பைதான் இப்ப போட்டியாப் போச்சு. கலர் பென்சில் பெட்டி ஒண்டு காணும், எல்லாருக்கும் ஒரே மாதிரி.

சாம்பல்தீவான்
எல்லாம் சரி, மச்சாளை என்ன செய்யிறது? சொந்த அத்தையை விட்டுட்டுப் பிறந்தநாளோ? ராணியிட்ட அதுக்குக் கணக்கு இல்லை.

கேக் ராணி
ஆர் விடச் சொன்னது? ஆளைப் பாத்து வெட்டக் கூடாது, வகையாப் பிரிக்க வேணும். "10 வயசுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையள், அவையின்ர தாய்மார், அம்மப்பா அப்பப்பா வீட்டு ஆக்கள்" எண்டு ஒரு கோடு போட்டாச்செண்டா ரெண்டு பக்கச் சொந்தத்துக்கும் அதே கோடுதான். இவரின்ர பக்கத்தில ஒரு சித்தப்பாவுக்கு மட்டும் சொன்னா, மற்றச் சித்தப்பாமாரிட்ட மாட்டிக் கொள்ளுவியள். அந்தக் கோட்டுக்குள்ள மச்சாள் வருவா, அவவின்ர மகனும் வருவான்.

மச்சாளுக்கு வட்ஸ்அப்பில சொல்ல வேண்டாம். கார்ட் போற முதலே அவவின்ர தம்பி, உங்கட மனுசன், நேர போய்ச் சொல்லட்டும். நீங்கள் போனா அது மருமகளின்ர திட்டமெண்டு கதை மாறும். போனவர் ஒரு வேலையையும் குடுத்திட்டு வரட்டும். "அக்கா, பிள்ளையளுக்கு விளையாட்டு நீங்கள்தான் நடத்த வேணும்" எண்டாப் போதும்.

சாம்பல்தீவான்
அது வேலை செய்யலாம். ஆனா என்வலப் வந்தா வாங்குவியளோ, திருப்புவியளோ? திருப்பினா அவமானப்படுத்தினதாத்தான் எடுப்பினம்.

பாலையூற்று ரீச்சர்
கார்டில "அன்பளிப்பு வேண்டாம்" எண்டு போடலாமே.

கேக் ராணி
போட்டாலும் கொண்டு வருவினம் ரீச்சர். நானெண்டா வாங்கிக் கொப்பியில எழுதுவன். அண்ணையோட எனக்கு ஒத்துப் போற ஒரே இடம் இது.

உவர்மலை அம்மா
நன்றி எல்லாருக்கும். இவர் ஞாயிறு மச்சாள் வீட்டுக்குப் போறார். மாமியிட்ட, காலமை கோணேசர் கோயில்ல பிள்ளையின்ர பேரில அர்ச்சனையை நீங்கள்தான் செய்விக்க வேணுமெண்டு கேட்டன். முகம் கொஞ்சம் இளகினது, முழுக்க இல்லை. கார்டைப் பற்றி இன்னும் யோசிக்கிறம். ராணி அக்கா, கேக் உங்களிட்டயே சொல்லலாமோ? பிறந்தநாள் வெள்ளிக்கிழமை வருது.

கேக் ராணி
வெள்ளியோ? அப்ப வாற ஆக்களில மரக்கறி ஆர் ஆரெண்டு முதல் கேளுங்கோ. முட்டை போட்ட கேக்கை மாமியே தொட மாட்டா. சனிக்கிழமை பின்னேரத்துக்கு மாத்தினா ரோல்ஸுக்கும் கரைச்சல் இல்லை, அண்டைக்குப் பள்ளிக்கூடமும் இல்லை. அர்ச்சனை வெள்ளியிலயே இருக்கட்டும்.