‘ஜூம்’ இரண்டுக்கும் ஒரே சொல்லா?

செல்வி: லிபரே ஆபீஸ் பாடங்களைத் திரைப்பதிவு செய்ய ஒரு கையேடு எழுதுகிறேன். ‘ஜூம்’ வரும் இடமெல்லாம் ‘உருப்பெருக்கம்’ என்று போட்டிருந்தேன். அதைப் படித்த ஒருவர் திரையை அப்படியே பதிந்துவிட்டு, எடிட்டிங்கில் இரண்டு மடங்கு இழுத்திருக்கிறார். மெனு எழுத்தெல்லாம் ஈசல் அப்பியது போல வந்துவிட்டது. நான் சொன்னது பதிவுக்கு முன்னால் பெரிதாக்குவதை. இரண்டுக்கும் தனித்தனிச் சொல் வேண்டும்.

பாரி: சொல்லில் குற்றமில்லை அக்கா. 4கே-வில் பதியச் சொல்லுங்கள், எல்லாம் பளிச்சென்று தெரியும்.

இராமு: தம்பி சொல்வது பாதி சரி. 4கே-வில் பதிந்தால், பிறகு இரண்டு மடங்கு இழுத்து 1080-இல் வெளியிட்டாலும் மங்காது. ஆனால் எழுத்தின் அளவு? செல்பேசியை நிமிர்த்திப் பிடித்தால் வீடியோவின் அகலம் ஏறக்குறைய 7 செ.மீ. 1920 பிக்சல் அகலத் திரையில் 14 பிக்சல் உயர எழுத்து அங்கே அரை மில்லிமீட்டர். 4கே திரையில் அதே 14 பிக்சல் என்றால் கால் மில்லிமீட்டர்தான். நெட் மெதுவாகி 360p-க்கு இறங்கினால் 1920 என்பது 640 ஆகும், 14 பிக்சலுக்கு ஐந்துகூட மிஞ்சாது. முதலில் காணாமல் போவது நம் புள்ளிதான். ‘ன்’னும் ‘ன’வும் ஒன்றாகிவிடும். பதிவுக்கு முன்பே Display → Scale-ஐ 200% ஆக்கினால் எழுத்து 28 பிக்சலில் புதிதாக வரையப்படும். Ctrl-ஐ அழுத்திச் சக்கரத்தை உருட்டினால் போதாது, ஆவணம் மட்டும் வளரும், மெனு அப்படியே நிற்கும். ஆகவே பதிவுக்கு முன் பெரிதாக்குவது ‘முன்பெருக்கம்’, எடிட்டிங்கில் இழுப்பது ‘பின்பெருக்கம்’.

கோமதி டீச்சர்: எனக்கும் இதே தொல்லை! ஜூமில் வகுப்பு எடுத்துப் பதிந்தால் பிள்ளைகளுக்கு எழுத்தே தெரிவதில்லை. நெட் பிரச்சினை என்றல்லவா இருந்தேன்?

செல்வி: டீச்சர், நான் கேட்டது அந்த ஜூம் இல்லை. ஆனாலும் பகிரும் முன் Scale-ஐ ஏற்றிப் பாருங்கள், ஓரளவு பலன் இருக்கும். ஐயா, ‘முன்பெருக்கம்’ எடுத்துக்கொள்கிறேன். ‘பின்பெருக்கம்’தான் திரைக்குப் பின்னால் என்பது போல ஒலிக்கிறது. ‘வெட்டிப் பெருக்கல்’ என்றால்? செய்வதும் அதுதானே, ஒரு மூலையை வெட்டி இழுக்கிறோம்.

பாரி: ‘வெட்டிப் பெருக்கல்’ வெட்டி வேலை மாதிரி இருக்கிறது அக்கா. அப்புறம், கர்சரைச் சுற்றி வரும் மஞ்சள் வட்டத்துக்கு ‘சுட்டொளி’ எப்படி?

இராமு: சொல் அழகு. ஆனால் வட்டம் அடர் மஞ்சளாக இருந்தால், சுட்டுகிற சொல்லையே மூடிவிடும். அடியெழுத்து தெரிகிற அளவு வெளிறியதாக இருக்கட்டும். கிளிக் செய்யும்போது மட்டும் ஒரு வளையம் வந்தால் போதும். அந்த வளையத்துக்கும் ‘சுட்டொளி’தானா, வேறு சொல்லா?

செல்வி: வளையத்துக்கு வேறு வேண்டும் ஐயா. ‘சொடுக்கு வளையம்’ என்று இப்போதைக்கு எழுதி வைக்கிறேன். ‘வெட்டிப் பெருக்கல்’ பற்றி மற்றவர்களும் சொல்லுங்கள்.