புதுப்பிப்பு: 56-ஐக் கேட்பதை விட்டுவிட்டேன்

நான் கேட்டிருந்தது: "ஆய்வுக் கட்டுரையிலிருந்து, புரிந்தவருக்கு மட்டும் விடை தெரியும் கேள்வி எழுதுவது எப்படி?"

கட்டுரை, நினைவாற்றல் பற்றி உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கேவும் 2006-இல் எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தால், பாடத்தைத் திரும்பப் படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்தோ அவர்களுக்கு நினைவில் நின்றது 42%, பார்க்காமல் எழுதிப் பழகியவர்களுக்கு 56%. நான் மாணவர்களிடம் அந்த 56-ஐத்தான் கேட்டிருந்தேன்.

"எண்ணை நீக்கினால் போதும்" என்றார் ஒரு நண்பர். பாதிதான் சரி. ஒரு மூத்த ஆசிரியை சொன்னபடி கேள்வியை மாற்றினேன்: "ஐந்து நிமிடச் சோதனையோடு நின்றிருந்தால் என்ன முடிவு வந்திருக்கும்?" தவறான விடைகளை மாணவர்களின் தப்பான சுருக்கங்களிலிருந்தே எடுத்தேன். "எழுதிப் பார்ப்பதே எப்போதும் மேல்" என்பதில் பலர் விழுந்தார்கள்.

ஆனால் கட்டுரையைத் தொடாத ஒருவனும் சரியாகப் போட்டான். கொடுத்த நான்கு விடைகளில் சரியானதுதான் நீளமாம்! அதை மற்றவற்றின் அளவுக்குச் சுருக்கிவிட்டேன், அடுத்த வகுப்பில் பார்க்கணும்.