உதவி தேவை: ஓட்டோ மைக்கில் வாசிக்கும் நீண்ட வாக்கியத்தை எங்கே வெட்டுவது?

உப்புவெளிப் பிள்ளை:
எங்கள் மீனவர் கூட்டுறவுச் சங்கத்தின் அறிவித்தல்களை ஓட்டோவில் மைக் கட்டி வாசிக்கும் வேலை என்னுடையது. கடிதத்தில் உள்ளபடி வாசித்தால், ஓட்டோ தெருமுனை தாண்டுவதற்குள் சனம் பின்னால் வந்து, "பிள்ளை, இது ஆருக்கு? எப்ப வரச் சொல்லினம்?" என்று கேட்கிறார்கள். இந்தமுறை வந்தது இது:

"கடந்த வாரம் வீசிய பலத்த காற்றினால் சேதமடைந்த, இதுவரை பதிவு புதுப்பிக்கப்படாத படகுகளை வைத்திருக்கும் மீனவர்கள், எதிர்வரும் செவ்வாய்க்கிழமை காலை 9 மணிக்குச் சங்கக் கட்டடத்தில் நடைபெறவுள்ள நடமாடும் சேவைக்குப் பழைய பதிவுச் சான்றிதழுடன் சமுகமளித்து, அங்கு வழங்கப்படும் படிவத்தைப் பூரணப்படுத்திக் கையளிக்குமாறும், அதற்கு முன்னர் அலுவலகத்துக்கு நேரில் சென்று நட்டஈட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டாம் எனவும் கேட்டுக்கொள்ளப்படுகின்றனர்."

முழுவதும் ஒரே வாக்கியம். வெட்டினால் கருத்து மாறிவிடும், உள்ளபடியே வாசி என்கிறார் செயலாளர். கருத்து மாறாமல் வெட்ட வழி இருக்கிறதா? செவ்வாய்க்கு முன் வாசித்தாக வேண்டும்.

மூதூர் சவுண்ட்ஸ்:
தங்கச்சி, ஹோர்ன் இரண்டையும் ஒரே பக்கம் திருப்பிக் கட்டியிருந்தால் மற்றப் பக்கம் நிற்கிறவருக்குச் சொல் விளங்காது. ஒன்றை முன்னுக்கும் மற்றதைப் பின்னுக்கும் திருப்பிப் பாருங்கோ. எக்கோவையும் குறையுங்கோ.

உப்புவெளிப் பிள்ளை:
நன்றி அண்ணை, ஹோர்னைப் பார்க்கிறேன். ஆனால் சத்தம் எல்லாருக்கும் தெளிவாகத்தான் கேட்கிறது. சொல்லெல்லாம் கேட்டும் விசயம் பிடிபடவில்லை, அதுதான் பிரச்சினை.

செல்வா:
இது சின்ன வேலை. எச்சம் வரும் இடமெல்லாம் முற்றுப்புள்ளி வையுங்கள். 'சமுகமளித்து' என்பது 'வாருங்கள்'. 'பூரணப்படுத்தி' என்பது 'நிரப்புங்கள்'. 'சென்று' என்பது 'செல்லுங்கள்'. ஒவ்வொன்றும் ஒரு குட்டி வாக்கியமாகிவிடும்.

பழைய வானொலிக்காரன்:
செல்வா சொல்வதில் பாதி சரி. மற்றப் பாதியை அப்படியே செய்தால் ஆபத்து. கடைசித் துண்டை அவர் சொன்னபடி வெட்டிப் பாருங்கள்: "அலுவலகத்துக்கு நேரில் செல்லுங்கள். நட்டஈட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டாம்." போக வேண்டாம் என்று சொல்ல வந்த கடிதம், போகச் சொல்கிறது. 'வேண்டாம்' என்பது தனக்கு முன்னால் இருக்கும் 'சென்று' என்பதையும் சேர்த்துத்தான் தடுக்கிறது. ஆகவே வெட்ட முன்னம், வாக்கியத்தின் கடைசி வினையைப் பாருங்கள். அது 'செய்யுங்கள்' என்றால் முன்னால் உள்ள 'வந்து', 'நிரப்பி' எல்லாவற்றையும் பயமில்லாமல் வெட்டலாம். 'வேண்டாம்', 'கூடாது', 'இல்லை' என்று முடிந்தால், அந்தத் துண்டை முழுதாக வையுங்கள், அல்லது மறுப்பை இரண்டு இடத்திலும் சொல்லுங்கள்: "அலுவலகத்துக்குப் போக வேண்டாம். அங்கே விண்ணப்பமும் கொடுக்க வேண்டாம்."

அப்புறம், காதைச் சோதிப்பது 'வந்து, நிரப்பி' வகை இல்லை. அவை நடக்கிற ஒழுங்கிலேயே வருவதால் காது கூடவே நடந்து போகும். சிக்கல் முன்பாதியில். வீசிய, சேதமடைந்த, புதுப்பிக்கப்படாத, வைத்திருக்கும் என்று நாலு சொல் அடுக்கடுக்காக வருகின்றன. 'மீனவர்கள்' என்ற சொல் வந்த பிறகுதான் இது ஆருடைய கதை என்று தெரிகிறது. கண்ணால் வாசிக்கிறவர் திரும்பிப் பார்க்கலாம், தெருவில் நிற்கிறவரால் முடியாது. அதனால் முதலில் உடைக்க வேண்டியது இந்தப் பெயரெச்சங்களை.

செல்வா:
அப்படியென்றால் 'மீனவர்கள் வர வேண்டும்' என்று முதலில் சொல்லிவிட்டு, பிறகு 'அவர்களுடைய படகுகள் சேதமடைந்தவை' என்று சேர்க்கலாமே?

பழைய வானொலிக்காரன்:
சேர்த்தால் முதல் வாக்கியத்தைக் கேட்ட எல்லா மீனவரும் செவ்வாய்க்கிழமை சங்க வாசலில் நிற்பார்கள். இந்தப் பெயரெச்சங்கள் ஆட்களைப் பிரித்தெடுக்க வந்தவை. இப்படிப்பட்டதைக் கேள்வியாக மாற்றினால் பிரிப்பும் நிற்கும், வாக்கியமும் குறுகும். நான் வாசித்தால் இப்படி:

"மீனவர்களே. போன வாரக் காற்றில் உங்கள் படகு சேதமடைந்ததா? அந்தப் படகின் பதிவு இன்னும் புதுப்பிக்கப்படவில்லையா? இரண்டுக்கும் ஆம் என்றால், இந்த அறிவித்தல் உங்களுக்கு. வருகிற செவ்வாய்க்கிழமை காலை 9 மணிக்குச் சங்கக் கட்டடத்தில் நடமாடும் சேவை இருக்கிறது. அதற்கு வாருங்கள். பழைய பதிவுச் சான்றிதழைக் கொண்டுவாருங்கள். அங்கே ஒரு படிவம் தருவார்கள். அதை நிரப்பிக் கொடுங்கள். அதற்கு முன்னம் நட்டஈடு கேட்டு அலுவலகத்துக்குப் போக வேண்டாம். அங்கே விண்ணப்பமும் கொடுக்க வேண்டாம்."

'கேட்டுக்கொள்ளப்படுகின்றனர்' என்பதை விட்டுவிட்டேன். அது கடிதத்து மரியாதை. 'வாருங்கள்' என்பதிலேயே அந்த மரியாதை இருக்கிறது.

உப்புவெளிப் பிள்ளை:
ஐயா, மிக்க நன்றி. அம்மாவுக்கு ஒருமுறை வாசித்துக் காட்டி, பேப்பரை மறைத்துக்கொண்டு கேட்டேன். ஆர், எப்ப, எங்கே, என்ன கொண்டுபோவது என்று நாலையும் சரியாகச் சொன்னா. ஆனால் ஓட்டோ ஓடிக்கொண்டிருக்குமே. பிந்திக் கேட்கத் தொடங்குகிறவருக்கு 'அங்கே ஒரு படிவம்' என்றுதான் காதில் விழும். அங்கே என்றால் எங்கே?

பழைய வானொலிக்காரன்:
நல்ல கேள்வி பிள்ளை. வானொலியில் முதலிலிருந்து கேட்பார்கள் என்று நம்பி 'அது', 'அங்கே' என்று எழுதலாம். ஓட்டோவுக்கு அது சரிவராது. சுட்டுச்சொல்லை எடுத்துவிட்டுப் பெயரைத் திரும்பச் சொல்லுங்கள்: "சங்கக் கட்டடத்தில் படிவம் தருவார்கள். படிவத்தை நிரப்பிக் கொடுங்கள்." எழுத்தில் அலுப்பாக இருக்கும், காதுக்கு அலுக்காது. 'அதற்கு முன்னம்' என்பதும் 'செவ்வாய்க்கிழமைக்கு முன்னம்' ஆக வேண்டும். முடிவில் "செவ்வாய், காலை 9 மணி, சங்கக் கட்டடம்" என்று இன்னொருமுறை சொல்லுங்கள். இயலுமென்றால் சந்தியில் ஓட்டோவை நிறுத்தி முழுவதையும் வாசித்துவிட்டு நகருங்கள்.

நிலாவெளி ரவி:
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். நான் மரண அறிவித்தல் வாசிக்கிறவன். "நிலாவெளியைப் பிறப்பிடமாகவும் உப்புவெளியை வதிவிடமாகவும் கொண்ட" என்று தொடங்கிப் பெயர் வரும். பிறகு இன்னாரின் அன்பு மகனும், இன்னாரின் அன்புக் கணவரும் என்று நீளும். இதையும் உடைக்க வேண்டுமா?

பழைய வானொலிக்காரன்:
தம்பி, அந்த அச்சு சனத்துக்கு மனப்பாடம். 'பிறப்பிடமாகவும்' என்றதுமே பெயருக்காகக் காத்திருப்பார்கள், அதனால் பெரிதாகச் சிக்காது. ஆனாலும் நான் பெயரையும் காலமான செய்தியையும் முதல் வாக்கியமாக வைப்பேன். தகனக்கிரியை நேரத்தை உறவுமுறைக்குப் பின்னால் தனியே வைப்பேன்.

நிலாவெளி ரவி:
வீட்டுக்காரர் எழுதித் தந்த ஒழுங்கை மாற்ற விடமாட்டார்கள் ஐயா. ஒரு பெயர் முன்பின் போனாலே மனவருத்தம் வந்துவிடும்.

பழைய வானொலிக்காரன்:
அது உண்மைதான். அதற்கு என்னிடம் வழி இல்லை. நேரத்தையும் இடத்தையும் முடிவில் இன்னொருமுறை சொல்ல மட்டும் சம்மதம் கேட்டுப் பாருங்கள்.

செல்வா:
இன்னொரு சந்தேகம். 'சேதமடைந்த, புதுப்பிக்கப்படாத' என்பதற்கு நடுவில் காற்புள்ளிதானே இருக்கிறது. சேதமடைந்த படகுகளும், புதுப்பிக்காத படகுகளும் என்று இரண்டு கூட்டமாகவும் எடுக்கலாம். ஐயா 'இரண்டுக்கும் ஆம் என்றால்' என்று முடிவு கட்டிவிட்டார்.

பழைய வானொலிக்காரன்:
சரியான இடத்தைப் பிடித்திருக்கிறீர்கள். இலக்கணம் இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது. நட்டஈடு என்று வருவதால் நான் அப்படி எடுத்தேன், ஆனால் எழுதியவரைக் கேட்காமல் மைக்கில் சொல்லக் கூடாது.

உப்புவெளிப் பிள்ளை:
செயலாளரிடம் கேட்டேன். அவருக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை. நாளைக் காலை கடற்றொழில் பரிசோதகருக்கு அழைப்பெடுப்பதாகச் சொன்னார். அந்தப் பதில் வந்த பிறகுதான் மைக்கைக் கட்டுவேன்.