நிறுத்து மின்னழுத்தம் எடுத்தவர்களே, உங்கள் கோடு எப்படி வந்தது?

இருட்டறை:
கல்லூரி ஆய்வகத்தில் ஒளிமின் விளைவு சோதனையைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. பாதரச விளக்கு, வடிகட்டிகள், கறுப்புப் பெட்டிக்குள் பொட்டாசியம் பூசிய ஒளிமின்கலம், இவ்வளவுதான் சாமான். எலக்ட்ரான்களை முழுதாக நிறுத்தத் தேவைப்படும் எதிர் மின்னழுத்தமாக இந்த வருடம் ஒரு மேசையில் வந்த அளவு: 365 நானோமீட்டர் புற ஊதாவுக்கு 1.50 வோல்ட், 577 மஞ்சளுக்கு 0.53 வோல்ட். இரண்டுக்கும் அதிர்வெண் வித்தியாசம் 3.02 × 10¹⁴ ஹெர்ட்ஸ். சாய்வைப் போட்டு எலக்ட்ரான் மின்னூட்டத்தால் பெருக்கினால் பிளாங்க் மாறிலி h = 5.15 × 10⁻³⁴. வர வேண்டியது 6.63. இடையில் உள்ள புள்ளிகளும் ஏறக்குறைய ஒரே கோட்டில் உட்கார்ந்திருந்ததால் பிள்ளைகளுக்குச் சந்தேகமே வரவில்லை.

மீட்டர் சுழியைத் தொட்டதும் குறித்துக்கொண்டு அடுத்த வடிகட்டிக்குப் போய்விடுவது எல்லோருக்கும் பழக்கம். சுழியைத் தாண்டியும் எதிர் மின்னழுத்தத்தைக் கூட்டிப் பாருங்கள் என்றேன். மின்னோட்டம் சுழியில் நிற்கவில்லை. எதிர்ப்பக்கம் இறங்கி, அங்கே போய்ச் சமதளமாக ஓடியது. எலக்ட்ரானை வாங்க வேண்டிய வளையமே எலக்ட்ரானை விட்டுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். நாள்பட நாள்பட பொட்டாசியம் வளையத்திலும் படிந்துவிடும். சிதறிய ஒளி அதன்மேல் பட்டால் போதும். ஆக, சுழியைக் கடக்கும் இடத்தில் எலக்ட்ரான்கள் நின்றுவிடவில்லை. போகிற கூட்டமும் வருகிற கூட்டமும் அங்கே சமம், அவ்வளவுதான்.

அந்தச் சமதளம் முடிந்து வளைவு மேலேறத் தொடங்கும் முனையை எடுத்துக்கொண்டால் 1.78, 0.54. h = 6.58 × 10⁻³⁴. புற ஊதாவில்தான் பெரிய மாற்றம், மஞ்சளில் ஒன்றுமே இல்லாத மாதிரி. உங்கள் இடங்களில் என்ன வந்தது, சொல்லுங்கள்.

வெர்னியர்:
எங்கள் ஆய்வகக் கதையே வேறு, சார். விளக்கைக் கலத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்தால் நிறுத்து மின்னழுத்தமும் கொஞ்சம் ஏறும். ஒரே வடிகட்டி, ஒரே அலைநீளம். செறிவைப் பொறுத்து மாறாது என்று புத்தகம் சொல்கிறது, கண்ணுக்கு முன்னால் மாறுகிறது. அலை பலமாக வந்தால் எலக்ட்ரானையும் பலமாகத் தள்ளும்தானே? அலைக் கொள்கையை ஒரேயடியாகத் தூக்கிப் போட்டது சரியா என்று எனக்கு இன்னும் உறுத்தல்.

மின்கம்பம்:
நான் தெருவிளக்கு வேலை பார்க்கிறேன். இருட்டானதும் தானாக எரிய வைக்கிற சென்சாரில் பறவை எச்சம் விழுந்தால் பகலிலேயே விளக்கு எரியும். துடைத்துவிட்டால் சரியாகிவிடும். உங்கள் கலத்தின் கண்ணாடியைத் துடைத்தீர்களா?

இருட்டறை:
துடைப்பது நல்லதுதான் அண்ணே, ஆனால் உங்களுடையது வேறு சாமான். அதில் எலக்ட்ரான் வெளியே வராது, பொருளின் மின்தடைதான் ஒளியில் குறையும். வெர்னியர், விளக்கை முழுக்க மூடிவிட்டு, மின்னழுத்தத்தை மட்டும் ஏற்றிப் பார்த்தீர்களா? மீட்டர் அசைந்ததா?

வெர்னியர்:
அசைந்தது. சின்ன அளவுதான். மழைக்காலத்தில் கூடுதலாக இருக்கும் என்று அட்டெண்டர் சொல்வார்.

பழைய வாத்தியார்:
தம்பி, உங்கள் பிரச்சினை அதிலேயே இருக்கிறது. அது மின்கசிவு. கலத்தின் அடிப்பாகத்திலும் கேபிளிலும் ஈரம் ஏறினால் ஒளியே இல்லாமல் எதிர்த்திசையில் ஒரு மின்னோட்டம் ஓடும். விளக்கு தூரத்தில் இருந்தால் ஒளிமின்னோட்டம் பலவீனம்; இந்தக் கசிவு அதைச் சீக்கிரம் அடித்துவிடும், மீட்டர் முன்னாலேயே சுழியைக் காட்டும். விளக்கைக் கிட்டக் கொண்டுவந்தால் கசிவு அதே அளவு, ஒளிமின்னோட்டம் பல மடங்கு. சுழி உண்மையான இடத்தை நோக்கி நகரும். எலக்ட்ரானின் வேகம் கொஞ்சமும் கூடவில்லை.

இருட்டறை சொன்ன வளையக் கோளாறில் இப்படி நகராது. வளையம் விடும் எலக்ட்ரானும் ஒளியோடு சேர்ந்தே கூடும், சேர்ந்தே குறையும். இரண்டும் ஒரே விகிதத்தில் மாறுவதால் சுழி இருந்த இடத்திலேயே இருக்கும். எனவே தூரத்தை மாற்றிப் பாருங்கள்: சுழி நகர்ந்தால் கசிவையோ அறை வெளிச்சத்தையோ தேடுங்கள். நகராமல் சாய்வு மட்டும் குறைந்தால் வளையத்தைப் பாருங்கள். வளையத்தில் மின்னோட்டம் செலுத்திச் சூடாக்கிப் படிவை ஓட்ட வசதியுள்ள கலங்கள் உண்டு. எல்லாக் கலத்திலும் அதைச் செய்துவிடாதீர்கள்.

அலை விஷயத்துக்கு வருகிறேன். லெனார்ட் 1902-லேயே வில்விளக்கின் செறிவை ஆயிரம் மடங்கு வரை மாற்றிப் பார்த்தார். எலக்ட்ரான்களின் எண்ணிக்கைதான் மாறியது, உச்ச ஆற்றல் மாறவில்லை. ஆனால் அதற்காக அவர் அலையைக் கைவிடவில்லை. ஆற்றல் அணுவுக்குள் ஏற்கெனவே இருக்கிறது, ஒளி வெறுமனே தாழ்ப்பாளைத் திறந்துவிடுகிறது என்றார். அதாவது செறிவு பற்றிய முடிவு மட்டும் இருந்தால் தப்பிக்க வழி இருந்தது. வழியை அடைத்தது அந்த நேர்கோடுதான். அலையின் ஆற்றல் வீச்சைச் சார்ந்தது. அப்படியிருக்க, உச்ச ஆற்றல் அதிர்வெண்ணோடு நேர்கோட்டில் ஏறுவானேன்? எந்த உலோகமானாலும் ஒரே சாய்வு வருவானேன்? தாழ்ப்பாள் கதையிலும் இதற்குப் பதில் இல்லை.

யாழ்_மீடிறன்:
வணக்கம் சேர். நான் உயர்தர வகுப்புக்குப் படிப்பிக்கிறனான். பிள்ளையள் கேக்கிற கேள்வி ஒண்டு: சோடியத்துக்கு ஒரு கோடு, சீசியத்துக்கு வேறொரு கோடு, ரெண்டும் சமாந்தரம் எண்டு படம் போடுறம். கோடு வெட்டுற இடத்தில இருந்து அந்த உலோகத்தின்ர வேலைச் சார்பு வரும் எண்டும் சொல்லுறம். ஆய்வுகூடத்தில உண்மையா அப்பிடி வருமோ?

பழைய வாத்தியார்:
நல்ல கேள்வி, ஐயா. மீட்டரில் படிப்பதை அப்படியே வரைந்தால் வராது. எலக்ட்ரானை விடும் உலோகமும் வாங்கும் உலோகமும் வேறு வேறு. கம்பியால் இணைத்த கணமே அவற்றுக்கிடையே ஒரு தொடுகை மின்னழுத்தம் வந்துவிடும். அதையும் கணக்கில் சேர்த்தால் விடுகிற உலோகத்தின் வேலைச் சார்பு φ, அதாவது எலக்ட்ரானை வெளியே எடுக்கத் தேவையான ஆற்றல், அடிபட்டுப் போய்விடும். மிஞ்சுவது eV = hν − φ, இதில் உள்ள φ வாங்குகிற வளையத்துடையது. வாங்கியை மாற்றாமல் சோடியத்தையும் சீசியத்தையும் மாற்றி மாற்றி வைத்தால், கொள்கைப்படி இரண்டு புள்ளிக்கூட்டமும் ஒரே கோட்டில்தான் விழும். எங்கே தொடங்கும் என்பதில் மட்டும் வித்தியாசம் இருக்கும். புத்தகத்துச் சமாந்தரக் கோடுகள் இந்தத் திருத்தத்தைச் செய்த பிறகு வருபவை.

மில்லிகன் சும்மா வருடக்கணக்கில் மெனக்கெடவில்லை. சோடியம், பொட்டாசியம், லித்தியம் கட்டிகளை வெற்றிடக் குழாய்க்குள்ளேயே கத்தியால் சீவி, புதிய முகம் காட்டி, தொடுகை மின்னழுத்தத்தையும் அதே குழாயில் தனியாக அளந்தார். 1916-ல் வெளிவந்த அந்த நேர்கோட்டைப் போட்டவருக்கே ஐன்ஸ்டைனின் 1905 விளக்கத்தில் நம்பிக்கை இல்லை! சமன்பாடு சரி, ஒளித்துகள் வேண்டாம் என்றார்.

வெர்னியர்:
கசிவு விஷயம் புரிந்தது, சார். இருட்டில் எடுத்த அளவை ஒவ்வொரு மின்னழுத்தத்திலும் கழித்துவிட்டு மறுபடி வரைகிறேன். ஆனால் மில்லிகன் சொன்னதில் என்ன தப்பு? சமன்பாடு பொருந்துவதால் மட்டும் துகள் வந்துவிடுமா?

இருட்டறை:
இதில் நான் வெர்னியர் பக்கம் கொஞ்சம் சாய்வேன். 1969-ல் லாம்பும் ஸ்கல்லியும் அணுவை மட்டும் குவாண்டமாக வைத்துக்கொண்டு, ஒளியைப் பழைய அலையாகவே விட்டு, இந்தக் கோட்டைக் கணக்கில் கொண்டுவந்து காட்டினார்கள். தொடக்க அதிர்வெண்ணும் அதில் கிடைக்கிறது. அப்படியென்றால் வரைபடம் தோற்கடித்தது ‘ஒளி அலை, எலக்ட்ரானும் பழைய பந்து’ என்ற ஜோடியை. ஒளி அலை என்பதை மட்டும் தனியாக அல்ல.

பழைய வாத்தியார்:
அந்தக் கணக்கு தெரியும். பரவி வருகிற அலையிலிருந்து ஒரு எலக்ட்ரான் மட்டும் முழு hν-யையும் உடனடியாக எடுத்துக்கொண்டால், மிகப் பலவீனமான ஒளியில் ஒவ்வொரு நிகழ்விலும் ஆற்றல் கணக்கு எப்படிச் சரியாகும்? அங்கே அது எனக்கு இடிக்கிறது. இதைத் தனி இழையாகத் திறங்கள், சண்டை போடலாம்.

யாழ்_மீடிறன்:
நான் முதல்ல என்ர படத்தில வளையத்தையும் கீறி, அது எந்த உலோகம் எண்டு எழுதப்போறன். பரீட்சை விடைத்தாள் திருத்துறவை என்ன சொல்லுவினமோ தெரியேல்லை.