புதுப்பிப்பு: பட்டா லஞ்சப் புகார் என்ன ஆனது

என் பழைய கேள்வி: "பட்டா மாறுதலுக்கு அதிகாரி 5,000 ரூபாய் லஞ்சம் கேட்கிறார். பயந்து 2,000 கொடுத்துவிட்டேன். இப்போது புகார் கொடுத்தால் நானும் குற்றவாளியா?"

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. ஆள் கையும் களவுமாகப் பிடிபட்டார்.

ஓய்வுபெற்ற கோர்ட் ஊழியர் ஐயா சொன்னதுதான் உதவியது. வற்புறுத்தலால் கொடுத்தவர் ஏழு நாளுக்குள் புகார் செய்தால், லஞ்சம் கொடுப்பதைக் குற்றமாக்கும் ஊழல் தடுப்புச் சட்டத்தின் 8வது பிரிவு அவர்மேல் பாயாது. கெடு முடியுமுன் லஞ்ச ஒழிப்புத் துறைக்குப் போய், கொடுத்த 2,000-ஐயும் புகாரில் எழுதினேன். "புகார் கொடுத்தாலே பாதுகாப்புதான்" என்ற நண்பர் கவனிக்க: அவர் சொன்ன 24வது பிரிவு 2018 திருத்தத்தில் நீக்கப்பட்டுவிட்டது. துறைக்குச் சொல்லிவிட்டு, கேட்டவரைக் கையும் களவுமாகப் பிடிக்கும் பொறிக்காகக் கொடுக்கும் பணத்துக்கு மட்டும் தனி விலக்கு உண்டு.

முதலில் எஃப்.ஐ.ஆர். போட்டார்கள். பிறகு நான் கொண்டுபோன நோட்டுகளின் எண்களைக் குறித்து, தொட்டவர் விரலில் ஒட்டும் பினாப்தலின் பொடியைத் தடவினார்கள். வேறு துறை ஊழியர் ஒருவர் சாட்சியாக என்னுடன் வந்தார். "அவராகக் கேட்காமல் நீட்டாதீர்கள்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள். கேட்டது நிரூபணமாகாவிட்டால், பணம் கையில் இருந்தாலும் வழக்கு நிற்காதாம். கேட்டார், கொடுத்தேன். சோடியம் கார்பனேட் கரைசலில் அவர் விரல் பட்டதும் கரைசல் இளஞ்சிவப்பானது.

எதிர்பாராதது: அந்த நோட்டுகள் இப்போது வழக்குச் சொத்து. முன்பு கொடுத்த 2,000 திரும்புமா என்பது இன்னும் தெரியவில்லை. பட்டா வேறு அதிகாரியிடம் இருக்கிறது.